வாரண்ட் இல்லாமல் வந்த பொலிஸும் விறகுக் கட்டில் கிடைத்த போத்தலும்

கேள்வி: ஐயா, நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தைச் சேர்ந்தவள். கொழும்பில் வேலை செய்கிறேன். போன சனிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு நாலு பொலிஸார் எங்கள் லயத்துக்கு வந்து காம்பராவைத் திறக்கச் சொன்னார்களாம். வாரண்ட் எதுவும் காட்டவில்லை. பொம்பளைப் பொலிஸ் யாரும் வரவில்லை. ஆனாலும் அம்மாவின் மடியை உதறிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். தம்பி வாசலை மறிக்கப் போக, அப்பாதான் அவனைப் பிடித்து இழுத்தாராம். உள்ளே ஒன்றும் கிடைக்கவில்லை. பின்பக்கத்து விறகுக் கட்டுக்குள் நாலு போத்தல் கசிப்பு இருந்ததாகச் சொல்லி அப்பாவைக் கொண்டுபோனார்கள். சிங்களத்தில் எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மறுநாள் பிணையில் விட்டார்கள். அடுத்த கிழமை ஹட்டன் கோட்டில் வழக்கு. வாரண்ட் இல்லாமல் பிடித்தால் கேஸ் செல்லாது என்று ஒருவர் சொல்கிறார். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டத்தைக் கட்டிவிட்டு வந்தால் ஒரு நாளோடு முடியும் என்று இன்னொருவர் சொல்கிறார். எது சரி?

பதில்: அன்புள்ள மகளுக்கு,

இரண்டுமே சரியில்லை. முதல் ஆள் சொன்னதை நம்பிக் கோட்டுக்குப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இரண்டாம் ஆள் சொன்னபடி செய்தால் அப்பாவிடம் இருக்கும் நல்ல வாதங்கள் எல்லாம் அன்றைக்கே போய்விடும்.

வாரண்ட் இல்லாவிட்டால் வழக்கு விழுந்துவிடும் என்ற எண்ணம் நமக்குப் படங்களிலிருந்தும் அமெரிக்கத் தொடர்களிலிருந்தும் வந்தது. அமெரிக்காவில் அது ஓரளவுக்கு உண்மைதான். அவர்களுடைய அரசியலமைப்பில் வீட்டையும் உடைமையையும் நியாயமற்ற தேடுதலிலிருந்து காக்கும் தனிப் பிரிவு ஒன்று இருக்கிறது. அதை மீறி எடுத்த பொருளை எந்த மாநில நீதிமன்றத்திலும் சான்றாக வைக்க முடியாது என்று 1961 இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் தீர்த்தது. நம்முடைய 1978 அரசியலமைப்பில் அப்படி ஒரு பிரிவு இல்லை. கைது பற்றி இருக்கிறது, சித்திரவதை பற்றி இருக்கிறது, வீட்டைச் சோதனையிடுவது பற்றித் தனியாக ஒன்றும் இல்லை. இந்தியாவும் அமெரிக்க வழியில் போகவில்லை. சட்டவிரோதத் தேடுதலில் கிடைத்தது என்பதற்காக மட்டும் ஒரு சான்றைத் தள்ள முடியாது என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் 1974 இல் சொல்லிவிட்டது. ஆகவே சென்னைப் படத்து வக்கீல் மேசையைத் தட்டிப் பேசும் வசனம் சென்னையிலேயே எடுபடாது.

இங்கே ஒரு சான்றை ஏற்பதா இல்லையா என்பதை 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் தீர்மானிக்கிறது. அது கேட்பது ஒன்றே ஒன்று: இந்த விடயம் வழக்கோடு தொடர்புள்ளதா? தொடர்பிருந்தால் உள்ளே வரும். எப்படிக் கிடைத்தது என்று அந்தச் சட்டம் பொதுவாகக் கேட்பதில்லை. பழைய மதுவரி வழக்குகளில் நம் நீதிபதிகள் இந்த விடயத்தில் இரு பக்கமும் பேசியிருக்கிறார்கள். ஆனால் 1955 இல் அச்சில் வந்த குருமா வழக்குக்குப் பிறகு இழுபறிக்கு அதிக இடமில்லை.

அந்த வழக்கைக் கொஞ்சம் சொல்கிறேன், உங்கள் அப்பாவின் கதைக்கும் அது பொருந்தும். கென்யாவில் அவசரகாலச் சட்டம் இருந்த நேரம். குருமா என்பவர் சைக்கிளில் போகும்போது வழிச்சோதனையில் நிறுத்தப்பட்டார். உதவி இன்ஸ்பெக்டர் தரத்துக்குக் குறைந்த பொலிஸாருக்குச் சோதனையிடும் அதிகாரம் கிடையாது. அவரைச் சோதித்தவர்கள் அந்தத் தரத்தில் இல்லை. இரண்டு துப்பாக்கி ரவைகளும் ஒரு பேனாக்கத்தியும் கிடைத்ததாகச் சொன்னார்கள். மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீடு லண்டனில் பிரிவிக் கவுன்சிலுக்குப் போனது. அப்போது இலங்கைக்கும் அதுதான் கடைசி நீதிமன்றம். 1971 வரை அப்படியே இருந்தது. சோதனை சட்டவிரோதமாக இருந்தாலும் சான்று தொடர்புள்ளதா என்பதே கேள்வி என்று சொல்லி மேன்முறையீட்டைத் தள்ளினார்கள். நியாயத்துக்கு மாறாக ஒருவரை நெருக்கினால் நீதிபதி தன் விருப்புரிமையால் சான்றைத் தள்ளலாம் என்று ஒரு சின்னக் கதவையும் திறந்து வைத்தார்கள். அந்தக் கதவால் உள்ளே போனவர்கள் மிகக் குறைவு. அதை நம்பி நான் ஒரு வழக்கைக் கட்டமாட்டேன்.

ஆனால் அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. அந்தப் பேனாக்கத்தி நீதிமன்றத்துக்கு வரவே இல்லை. சோதனையின்போது அங்கே நின்ற சிலரைச் சாட்சிக்குக் கூப்பிடவும் இல்லை. இது தங்களுக்கு மனச்சங்கடமாக இருக்கிறது என்று நீதிபதிகளே குறிப்பிட்டார்கள். 'சோதனை சட்டப்படி நடந்ததா' என்பது ஒரு கேள்வி. 'நடந்ததாகச் சொல்வதை நம்பலாமா' என்பது வேறு கேள்வி. உங்கள் அப்பாவுக்கு உதவப்போவது இரண்டாவதுதான். முதலாவதை வைத்து இரண்டாவதைத் திறக்க வேண்டும்.

எப்படி என்று சொல்கிறேன். கசிப்பு வழக்குகள் 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. வீட்டைச் சோதிக்க வழக்கமாக நீதவானிடம் தேடுதல் ஆணை பெற வேண்டும். அதற்கு ஒரு விலக்கு 36 ஆம் பிரிவில் இருக்கிறது. ஆணைக்காகக் காத்திருந்தால் ஆள் தப்பிவிடுவார் அல்லது சான்றை மறைத்துவிடுவார் என்று நம்பக் காரணமிருந்தால், அந்தக் காரணத்தை முதலில் எழுத்தில் பதிந்துவிட்டு, பகலோ இரவோ ஆணை இல்லாமல் உள்ளே போகலாம். எனவே 'வாரண்ட் காட்டவில்லை' என்பதால் மட்டும் சோதனை சட்டவிரோதம் ஆகிவிடாது. கேட்க வேண்டியது இதை: காரணம் பதியப்பட்டதா? எப்போது பதியப்பட்டது? பதிந்த காரணம் உண்மையில் காரணமா?

சில வருடங்களுக்கு முன் நான் ஆஜரான ஒரு வழக்கு கிட்டத்தட்ட இதே மாதிரி. தோட்டத்தின் பெயரும் நிலையத்தின் பெயரும் வேண்டாம். அதிலும் இரவுச் சோதனை, அதிலும் லயம். பொலிஸ் சாட்சி கூண்டில் ஏறி, தகவல் கிடைத்த உடனே புறப்பட்டோம், ஆணை எடுக்க நேரமில்லை என்றார். தகவல் கொடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை, அதைச் சொல்லும்படி பொலிஸாரை வற்புறுத்தச் சட்டம் இடம் தராது. எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டேன். தகவல் புத்தகத்தில் இருந்தது பிற்பகல் நாலு மணி. நிலையத்திலிருந்து புறப்பட்ட பதிவு இரவு பத்து மணி. நடுவில் ஆறு மணித்தியாலம். அந்த ஆறு மணித்தியாலத்தில் ஆணைக்கு என்ன முயற்சி எடுத்தீர்கள் என்றதற்குப் பதில் இல்லை. காரணம் எழுதிய குறிப்போ சோதனை முடிந்து வந்த பிறகு பதியப்பட்டதாகத் தெரிந்தது.

இதோடு வழக்கு முடிந்ததா என்றால் இல்லை. போத்தல்கள் சான்றாக ஏற்கப்பட்டன. ஆனால் எழுதிவைத்த நேரமும் வாயால் சொல்லும் நேரமும் ஒத்துவராத ஒரு சாட்சி என்று நீதவானின் மனதில் பதிந்துவிட்டது. அதன் பிறகு மற்றவை ஒவ்வொன்றாகக் கழன்றன. சார்ஜன்ட் போத்தல்களைக் கட்டிலுக்கடியில் எடுத்ததாகச் சொன்னார். கூடப் போன கான்ஸ்டபிள் குசினிக்குப் பின்னால் என்றார். போத்தல்களுக்கு அந்த இடத்திலேயே, சந்தேகநபர் முன்னிலையில் முத்திரை வைத்தோம் என்றார் ஒருவர். மறுநாள் காலை நிலையத்தில் வைத்தோம் என்றார் மற்றவர். நியாயமான சந்தேகம் எழுந்துவிட்டது, ஆள் விடுதலையானார். தீர்ப்பில் சட்டவிரோதச் சோதனை பற்றி ஒரு வரிதான் இருந்தது. ஆனால் அந்த வரியிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

அந்த முத்திரை விடயம் அற்பமாகத் தோன்றலாம், அற்பமில்லை. பொருளை எடுத்த இடத்திலிருந்து, அது நிலையத்தில் வழக்குப் பொருட்களுக்கான பதிவேட்டில் பி.ஆர். இலக்கம் பெற்று, நீதிமன்றத்துக்கோ அரச பகுப்பாய்வாளருக்கோ போகும் வரை யார் யார் கையில் இருந்தது என்று வழக்குத் தொடுப்பவர் காட்ட வேண்டும். போதைப்பொருள் வழக்குகளில் இதை உள்வழிப் பயணம் என்று நாங்கள் சொல்வோம். மேன்முறையீட்டு நீதிமன்றம் 1998 இல் அச்சில் வந்த ஒரு தீர்ப்பில் இதை வலியுறுத்தியிருக்கிறது. கசிப்பில் பல சமயம் பகுப்பாய்வு அறிக்கையே இருக்காது. இத்தனை வருட சேவை, இத்தனை கசிப்பு வழக்குப் பிடித்திருக்கிறேன், மணத்திலேயே தெரியும் என்று ஓர் உத்தியோகத்தர் சொல்லும் அனுபவச் சாட்சியம்தான். அப்படியானால் அவர் மணந்து பார்த்ததும் கோட்டுக்கு வந்திருப்பதும் ஒரே போத்தல்தானா என்பது இன்னும் முக்கியமாகிறது.

இனி விறகுக் கட்டு. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் பட்டது அந்த ஒரு சொல்தான். ஒருவரிடம் பொருள் இருந்தது என்றால் அது அவருடைய கட்டுப்பாட்டில் இருந்தது, அவருக்கு அது தெரியும் என்று காட்ட வேண்டும். பலர் புழங்கும் இடத்தில் கிடைத்தால், அது அப்பாவுக்கு மட்டும் உரிய உடைமை என்று நிறுவ வேண்டும். லயத்தில் வாழாதவர்களுக்கு இது புரியாது. பத்துக் காம்பராவுக்கு ஒரே கூரை, இஸ்தோப்பில் நடந்தால் எல்லார் வாசலையும் கடக்கலாம், பின்னால் ஒரே கான். விறகு எங்கே அடுக்கியிருக்கிறது, உங்கள் காம்பராவின் பின்கதவிலிருந்து எத்தனை அடி, பக்கத்துக் காம்பராவின் கதவிலிருந்து எத்தனை அடி, வேலியோ தகரமோ மறைப்பாக இருக்கிறதா, எத்தனை குடும்பம் அந்த வழியால் தண்ணீருக்குப் போகிறது? இதையெல்லாம் அளந்து, பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, ஒரு தாளில் வரைந்து வையுங்கள். ஹட்டனில் உட்கார்ந்திருக்கும் நீதவானுக்கு அந்த லயத்தின் பின்பக்கம் கண்ணில் தெரிய வேண்டும். இதை உடனே செய்யுங்கள், வழக்குத் தொடங்குவதற்குள் விறகு எரிந்து தீர்ந்துவிடும்.

போத்தல் அப்பாவுடையதா என்று நான் கேட்கவில்லை. அதை அவர் தன் சட்டத்தரணியிடம் உள்ளபடி சொல்லட்டும். பொய்யாக ஒரு கதையைச் சோடித்துக்கொண்டு போனால் குறுக்கு விசாரணையில் பொலிஸ் சாட்சி மாட்டுவதைவிட வேகமாக அவர் மாட்டிக்கொள்வார்.

சிங்களத் தாளில் வைத்த கையெழுத்தைப் பற்றி நீங்கள் பயப்படுவது தெரிகிறது. 'என்னுடையதுதான், மன்னித்துவிடுங்கள்' என்று அதில் எழுதியிருந்தாலும், பொலிஸ் உத்தியோகத்தருக்குக் கொடுத்த குற்ற ஒப்புதலை அவருக்கெதிராக நிரூபிக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு விடாது. மதுவரித் திணைக்கள அதிகாரியிடம் சொன்னாலும் அப்படித்தான். ஆனால் 27 ஆம் பிரிவில் ஒரு ஓட்டை இருக்கிறது. காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தப் பொருளோடு நேரடியாகத் தொடர்புடைய அளவுக்கு அந்தச் சொல் உள்ளே வரும். 'விறகுக்குள் இருக்கிறது, காட்டுகிறேன்' என்று அப்பா சொன்ன பிறகு பொலிஸார் எடுத்ததாகத் தாளில் இருந்தால், விறகு பொது இடம் என்ற வாதமே ஆடிப்போகும். அவர்கள் தாங்களே தேடி எடுத்த பிறகு இந்த வரியை எழுதிச் சேர்த்தார்களா, எது முன் எது பின் என்பது பெரிய விடயம். ஆகவே அன்றிரவு நடந்ததை வரிசையாக, யார் எங்கே நின்றார், யார் முதலில் விறகைத் தொட்டார், அப்பா வாய் திறந்தாரா என்று, பார்த்தவர்களிடம் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள். ஒருவர் சொல்லும்போது மற்றவர் பக்கத்தில் இருந்து எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

தம்பியை அப்பா இழுத்துப் பிடித்தது புத்திசாலித்தனம். சோதனை பிழையானது என்றால் மறிக்கலாம்தானே என்று பொடியன்கள் நினைப்பார்கள். கடமை என்ற பெயரில், நல்லெண்ணத்தோடு ஓர் அரச ஊழியர் செய்யும் காரியம் சட்டத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாவிட்டாலும், உயிருக்கோ கடும் காயத்துக்கோ அச்சம் இல்லாத வரை அதற்கெதிராகத் தற்காப்புரிமை கிடையாது என்று நம் தண்டனைச் சட்டக்கோவை சொல்கிறது. அவன் மறித்திருந்தால் கசிப்பு வழக்கோடு கடமைக்கு இடையூறு என்று இன்னொரு வழக்கும் சேர்ந்திருக்கும், அதில் தற்காப்பு என்று சொல்லித் தப்புவது கடினம்.

அம்மாவுக்கு நடந்தது வேறு விடயம், அதை வேறு கணக்கில் வைக்க வேண்டும். ஒரு பெண்ணின் உடலைச் சோதிப்பதானால் இன்னொரு பெண்தான், மரியாதை குறையாமல் சோதிக்க வேண்டும் என்று 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் கண்டிப்பாகச் சொல்கிறது. உடம்பில் கை வைக்கவில்லை, உதறிக் காட்டத்தான் சொன்னோம் என்பார்கள். அது அவர்களுடைய பதில், அம்மா நடந்ததை நடந்தபடி சொல்லட்டும். இதற்கு அப்பாவின் வழக்கில் தீர்வு கிடைக்காது, நீதவான் அங்கே பொலிஸாரை விசாரிக்கவில்லை. அடிப்படை உரிமை மீறல் மனு கொழும்பில் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள். அது செலவுள்ள வேலை. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலத்தை அந்தக் கெடுவில் சேர்ப்பதில்லை என்று 1996 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கண்டியிலும் பதுளையிலும் அவர்களுக்கு அலுவலகம் உண்டு. முறைப்பாட்டைத் தமிழிலேயே கொடுக்கலாம். கொடுத்ததற்கு எழுத்தில் ஓர் அத்தாட்சி வாங்காமல் திரும்பாதீர்கள்.

சரி, அடுத்த கிழமை என்ன செய்வது? ஒரு நாள் பேர் போய்விடும், இன்னும் நாலைந்து தவணைக்கு நடக்க வேண்டும் என்பதற்காகவே நம் ஆட்கள் முதல் நாளே தலையை ஆட்டிவிடுகிறார்கள். தோட்டத்துச் சம்பளக் கணக்கு எனக்குத் தெரியும், அந்தக் கஷ்டத்தை நான் லேசாக எடுக்கவில்லை. ஆனால் நீதவான் நீதிமன்றத்தில் ஒருவர் தானாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு தீர்ப்பானால், அந்தக் குற்றத் தீர்ப்பை எதிர்த்துச் சாதாரணமாக மேன்முறையீடு செய்ய முடியாது. ஆறு மணித்தியாலக் கதை, முத்திரைக் கதை, விறகுக் கதை எதையும் அதன் பிறகு யாரும் கேட்கமாட்டார்கள். தண்டப் பணத்தோடு குற்றப்பதிவும் சேரும். பின்னால் வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் நற்சான்றிதழ் கேட்கும்போது அது வந்து நிற்கும். இன்னொரு தடவை பிடிபட்டால் முன் குற்றம் என்று வாசிப்பார்கள்.

அன்றைக்கு அப்பா செய்ய வேண்டியது, குற்றச்சாட்டைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, சட்டத்தரணி ஒருவரை வைத்துக்கொள்ள அவகாசம் கேட்பதுதான். பணமில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம், நீதிமன்றங்களை ஒட்டி அதற்குக் கிளைகள் இருக்கின்றன. எந்தச் சட்டத்தரணி வந்தாலும் முதல் முறைப்பாட்டின் உறுதிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். தகவல் புத்தகத்தின் பதிவுகளை நீதவான் வரவழைத்துப் பார்க்கவும் முடியும். தகவல் வந்த நேரம், காரணம் எழுதிய நேரம், நிலையத்திலிருந்து புறப்பட்ட நேரம், போத்தலுக்குப் பி.ஆர். இலக்கம் விழுந்த நேரம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்க்கட்டும்.

அம்மாவையும் அன்றைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், சட்டத்தரணி அவரிடமும் கேட்க வேண்டியிருக்கும். சம்பவம் போன சனிக்கிழமை என்பதால், மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குக் கொடுக்கும் முறைப்பாட்டுக்கான ஒரு மாதம் ஓடத் தொடங்கிவிட்டது. கோட்டுத் தவணையும் அந்தக் கெடுவும் வேறு வேறு. தவணை தள்ளிப்போனாலும் கெடு தள்ளிப்போகாது.